சட்ட ஆவணத் தலைப்புகளில் பொருட்பொருத்தமும் வடிவ ஒருமையும்

முன்னுரை

சட்டம், ஒப்பந்தம், பத்திரம் ஆகியவற்றில் ஒவ்வொரு பிரிவின் மேலும் ஒரு தலைப்பு நிற்கிறது. படிப்பவர் தமக்கு வேண்டிய இடத்தைத் தேடிச் செல்ல அதுவே வழிகாட்டி. தலைப்பு ஒன்றைச் சொல்லப் பிரிவு வேறொன்றை விதித்தால் இரண்டில் எது நிற்கும் என்ற வினா எழுகிறது. ஆங்கில ஆவணங்களில் இதனோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. தலைப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாட்டை ஒரே முறையில் ஆளாவிடில் பிரிவுகளின் படிநிலை குழம்பும். தமிழில் அவ்வேறுபாடு இல்லை. ஆகவே தமிழ்ச் சட்ட ஆவணத்தில் அந்த ஒருமையை எது தர வேண்டும் என்பதையும், தலைப்புக்கும் பிரிவுக்கும் உள்ள பொருத்தத்தை நம் இலக்கண மரபின் சொற்களால் எவ்வாறு அளக்கலாம் என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தலைப்பும் பிரிவும் விலகிய வழக்கு

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதற்குத் தெளிவான சான்று. ‘குறைத்துக் காட்டிய நேர்வுகளில் சொத்து மாற்றத்துக்கான மறுபயன்’ என்னும் கருத்துடையது அதன் ஓரக்குறிப்பு. ஆனால் 1964இல் சேர்க்கப்பட்ட 2ஆம் உட்பிரிவில் ‘குறைத்துக் காட்டுதல்’ என்ற நிபந்தனை இல்லை. சொத்தின் நியாயமான சந்தை மதிப்பு, விற்றவர் அறிவித்த விலையைவிட அவ்விலையின் 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் மிகுந்திருந்தால், சந்தை மதிப்பையே விலையாகக் கொள்ளலாம் என்பது அதன் சொற்பொருள்.

கேரளத்தைச் சேர்ந்த கே. பி. வர்கீஸ் 1958இல் ரூ. 16,500க்கு வாங்கிய எர்ணாகுளம் வீட்டை, 1965இல் தம் மருமகளுக்கும் பிள்ளைகள் ஐவருக்கும் அதே விலைக்கு விற்றார். வருமான வரி அலுவலர் வீட்டின் சந்தை மதிப்பை ரூ. 65,000 எனக் கணித்தார். 16,500இன் 15 விழுக்காடு ரூ. 2,475 மட்டுமே. வேறுபாடோ ரூ. 48,500. எனவே அத்தொகை முழுவதையும் மூலதன ஆதாயமாகக் கொண்டு வரி விதிக்க முற்பட்டார். வர்கீஸ் பத்திரத்தில் காட்டியதற்கு மேல் ஒரு காசும் பெற்றதாக யாரும் கூறவில்லை. உட்பிரிவின் சொற்படி வரி உண்டு. ஓரக்குறிப்பின்படி பார்த்தால் அது அவருக்கான பிரிவே அன்று.

வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. நீதியரசர் பி. என். பகவதி 1981இல் எழுதிய தீர்ப்பு, விலையைக் குறைத்துக் காட்டிய நேர்வுக்கே 2ஆம் உட்பிரிவு பொருந்தும் என்றும், குறைத்துக் காட்டியதை மெய்ப்பிக்கும் பொறுப்பு வரித்துறையுடையது என்றும் முடிவு செய்தது. ஓரக்குறிப்பு மட்டுமே இம்முடிவைத் தரவில்லை என்பது கருதத்தக்கது. சொற்பொருளை அப்படியே கொண்டால் விளையும் பொருந்தாமை, நிதியமைச்சர் மசோதாவை முன்வைத்துக் கூறிய நோக்கம், வரி வாரியத்தின் சுற்றறிக்கைகள் ஆகியவற்றோடு ஓரக்குறிப்பும் பிரிவின் போக்கைக் காட்டும் துணைச்சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பிரிவின் சொற்கள் ஐயமின்றி நிற்கும்போது தலைப்பால் அவற்றை வெல்ல இயலாது. ஐயம் தோன்றும்போது தலைப்பு பேசத் தொடங்கும். இந்திய நீதிமன்றங்கள் பொதுவாக மேற்கொள்ளும் நெறி இதுவே.

52ஆம் பிரிவு 1988இல் நீங்கியது. 2003ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 50சி பிரிவு, நிலம், கட்டடம் ஆகியவற்றுக்கு முத்திரைத் தீர்வைக்கென வகுத்த மதிப்பை விற்பனை விலையாகக் கொள்ள வழிசெய்தது. அதன் தலைப்பு, ‘சில நேர்வுகளில் மறுபயனின் முழு மதிப்புக்கான சிறப்பு வகைமுறை’ என்னும் பொருளது. ‘சில நேர்வுகள்’ எவை என்பதைத் தலைப்பு சொல்லவில்லை. எதையும் வரையறுத்துக் கூறாத தலைப்பு பிரிவோடு முரண்படுவதில்லை. ஆனால் கேளம்பாக்கத்தில் வழிகாட்டி மதிப்புக்குக் குறைந்த விலையில் மனை விற்ற ஒருவர், இப்பிரிவு தம்மைப் பற்றியது என்று அத்தலைப்பைக் கொண்டு அறியவும் முடியாது.

விலகலின் வகைகள்

நூலுக்குரிய பத்துக் குற்றங்களாக நன்னூல் வகுத்தவற்றுள் நான்கு இங்குப் பயன்படுகின்றன. பிரிவில் உள்ளதைவிடத் தலைப்பு குறுகியிருப்பது குன்றக் கூறல். தலைப்பு சொல்வதன் ஒரு பகுதியே பிரிவில் இருப்பது மிகைபடக் கூறல். தலைப்பு ஒன்றை அனுமதிப்பதாகத் தோன்றப் பிரிவு அதைத் தடுப்பது மாறுகொளக் கூறல். தலைப்புக்குத் தொடர்பில்லாத பொருள் பிரிவினுள் வந்து அமர்வது மற்றொன்று விரித்தல். 52ஆம் பிரிவின் சிக்கல் முதல் வகையைச் சேர்ந்தது: ஓரக்குறிப்பு குறுகியது, உட்பிரிவின் சொற்கள் விரிந்தவை.

பெயர் பொருளின் எல்லாப் பகுதியையும் தழுவாமை நம் நூல்களுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல் செய்யுட்குரிய நால்வகைச் சொற்களோடு தொடங்குகிறது. பிரிநிலை முதலான பத்து எச்சங்கள் அவ்வியலின் ஒரு பகுதியே. முன் இயல்களில் எஞ்சியவற்றைத் தொகுத்துக் கூறுவதால் எச்சவியல் எனப்பட்டது என விளக்கி உரையாசிரியர்கள் பெயரையும் பொருளையும் இணைத்தனர். இலக்கண நூலுக்கு அவ்வாறு உரை செய்யலாம். வாடகை ஒப்பந்தத்துக்கு உரையாசிரியர் இல்லை. கையொப்பமிடுபவரே படித்துப் பொருள்கொள்ள வேண்டும்.

வாடகை ஒப்பந்தம்: ஓர் எடுத்துக்காட்டு

கேளம்பாக்கத்தில் ஒரு குடியிருப்பை மாதம் ரூ. 20,000 வாடகைக்கும் ரூ. 60,000 முன்பணத்துக்கும் 11 மாதங்களுக்கு எடுப்பதாகக் கொள்வோம். விளக்கத்துக்காக அமைத்துக்கொண்ட அவ்வொப்பந்தத்தின் 7ஆம் பிரிவு வருமாறு:

‘முன்பணத்தைத் திருப்பித் தருதல்: குடியிருப்பவர் வீட்டைக் காலி செய்த 30 நாளுக்குள் முன்பணம் திருப்பித் தரப்படும். 11 மாதம் முடியுமுன் காலி செய்தால் இரண்டு மாத வாடகை முன்பணத்தில் கழிக்கப்படும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்போது வாடகை 5 விழுக்காடு உயரும்.’

முதல் தொடர் தலைப்புக்கு உரியது. இரண்டாம் தொடர் ரூ. 40,000ஐத் திருப்பித் தராமல் இருக்க இடம் தருகிறது. தலைப்பு இதைச் சொல்லாமையால் குன்றக் கூறல். மூன்றாம் தொடர் மற்றொன்று விரித்தல். இதே ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவுக்கு ‘ஒப்பந்தத்தை முடித்தல்’ என்று தலைப்பிட்டு, ஒரு மாத முன்னறிவிப்பை மட்டும் அதில் கூறியிருப்பதாகக் கொள்வோம். எட்டாம் மாதத்தில் வேலை மாறிச் செல்ல வேண்டிய குடியிருப்பவர் 12ஆம் பிரிவைத்தான் தேடிப் படிப்பார். முன்னறிவிப்புத் தந்து வெளியேறிய பின்னரே 7ஆம் பிரிவின் கழிவை அறிவார்.

அப்போது அவர் தலைப்பைத் துணைக்கு அழைக்க முடியுமா? ‘தலைப்புகள் வசதிக்காக மட்டுமே, பொருள்கொள்ள அவற்றைப் பயன்படுத்தலாகாது’ என்னும் பிரிவு பல ஒப்பந்தங்களில் உண்டு. அது இருப்பின் அவர் வாதம் தொடக்கத்திலேயே நலியும். அது இல்லாவிடினும் இரண்டாம் தொடரின் சொற்களில் ஐயமில்லை. ஆகவே திருத்தம் எழுதும்போதே நிகழ வேண்டும்: கழிவு பற்றிய தொடர் 12ஆம் பிரிவுக்கும், உயர்வு பற்றிய தொடர் வாடகைப் பிரிவுக்கும் செல்ல வேண்டும்.

இத்தகைய விலகல் பெரும்பாலும் திருத்தத்தின்போது பிறக்கிறது. பிரிவில் ஒரு தொடரைச் சேர்ப்பவர் தலைப்பை மீண்டும் பார்ப்பதில்லை. இதைக் கண்டறிய எளிய வழி, தலைப்பை மறைத்துப் பிரிவை மட்டும் படித்துப் புதிதாக ஒரு தலைப்பு எழுதிப் பார்ப்பது. ஒரே தலைப்பில் அடக்க இயலாவிடில் பிரிவைப் பகுக்க வேண்டும். புதிய தலைப்பு பழையதோடு ஒவ்வாவிடில் தலைப்பை மாற்ற வேண்டும்.

பெரிய எழுத்தின் பணிகள்

ஆங்கில ஆவணத்தில் பெரிய எழுத்து இரு பணிகளைச் செய்கிறது. ஒன்று, படிநிலை காட்டுதல். இந்திய அரசமைப்பின் ஆங்கிலப் பாடத்தில் 3ஆம் பகுதியின் பெயர் முழுதும் பெரிய எழுத்தில் அமைந்துள்ளது. அதனுள் வரும் ‘சமத்துவ உரிமை’ என்னும் தொகுதித் தலைப்பில் முதன்மைச் சொற்கள் மட்டும் பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. 14ஆம் உறுப்பின் ஓரக்குறிப்பில் முதற்சொல் மட்டுமே அவ்வாறு தொடங்குகிறது. மூன்று நிலைக்கு மூன்று முறை. பகுதி எது, உறுப்பு எது என்பதில் குழப்பமில்லை. இரண்டாவது பணி, வரையறுக்கப்பட்ட சொல்லை அடையாளம் காட்டுதல். ஒப்பந்தத்தில் ‘அறிவிப்பு’ என்பதற்குத் தனிப்பொருள் வரையறுத்தால் அச்சொல் எங்கு வரினும் பெரிய எழுத்தில் தொடங்கும்.

இவ்விரு பணிகளும் ஒரு தலைப்பில் சந்திக்கும்போது மோதுகின்றன. எல்லாச் சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்கும் தலைப்பில், ‘அறிவிப்பு’ வரையறுக்கப்பட்ட சொல்லா பொதுச் சொல்லா என்பது தெரியாது. முதற்சொல்லை மட்டும் பெரிதாக்கும் முறையில் அவ்வேறுபாடு பெரும்பாலும் தங்கும். ஒரே ஆவணத்தில் இரு முறைகளும் கலந்தால் படிநிலையும் தெரியாது, வரையறையும் தெரியாது.

தமிழில் படிநிலையை எண்ணும் எழுத்தின் தடிமனும் காட்ட வேண்டும். வரையறுத்த சொல்லை அதன் ஒருமையே காட்ட வேண்டும். ‘வீடு’ என வரையறுத்தபின் ‘இல்லம்’, ‘கட்டடம்’, ‘குடியிருப்பு’ என மாற்றி எழுதுவது நடைக்கு அழகாகலாம்; ஒப்பந்தத்தில் மொட்டைமாடி வீட்டில் அடங்குமா என்ற வழக்குக்கு வித்தாகும்.

தலைப்பின் சொல்வடிவம்

தமிழ்த் தலைப்பின் ஒருமை இறுதியில் சொல்வடிவத்தைச் சார்ந்தது. ‘வாடகை’, ‘முன்பணம் செலுத்துதல்’, ‘பழுதுகளை யார் சரிசெய்ய வேண்டும்?’ என ஒரே நிலையில் மூவகை வடிவங்கள் நின்றால், படிப்பவர் இல்லாத படிநிலையை உய்த்துணர்வார். பெயர், தொழிற்பெயர், வினாத்தொடர் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து நிலைதோறும் அதையே ஆள வேண்டும்.

இவற்றுள் தொழிற்பெயருக்குத் தனிச்சிறப்பு உண்டு. அது எதிர்மறையை ஏற்கும். உள்வாடகையைத் தடுக்கும் பிரிவுக்கு ‘உள்வாடகைக்கு விடுதல்’ என்று தலைப்பிட்டால் அனுமதி போலத் தோன்றும். இது மாறுகொளக் கூறல். ‘உள்வாடகைக்கு விடாமை’ என்றால் தடையைத் தலைப்பே சொல்லிவிடும். திருக்குறளில் அடுத்தடுத்து வரும் 92, 93, 94ஆம் அதிகாரங்களின் பெயர்கள் வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது என்பன. மூன்றும் விலக்கத்தக்கவற்றைக் கூறுவன. நடுவில் உள்ள பெயர் மட்டும் விலக்கையே பெயராகக் கொண்டது. மற்றவை பொருளை மட்டும் சுட்டுகின்றன. அறநூலில் இது இடர் தருவதில்லை, குறட்பாக்களே விலக்கைச் சொல்கின்றன. தலைப்பை மட்டும் பார்த்துப் பக்கம் புரட்டப்படும் ஆவணத்தில் ‘சூது’ என்னும் வகைத் தலைப்பைவிடக் ‘கள்ளுண்ணாமை’ என்னும் வகைத் தலைப்பே பொருத்தம் உடையது.

முடிவுரை

பிரிவின் சொற்கள் தெளிவாயின் தலைப்பு அவற்றை மாற்றாது. ஐயம் எழுந்தால் அதுவும் சான்றாகும் என்பதை வர்கீஸ் வழக்கு காட்டுகிறது. நீதிமன்றம் செல்லாத ஆவணங்களில் தலைப்பின் பிழையைச் சுமப்பவர் அதை நம்பிப் படித்தவரே. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து செய்யும் பணிகளைத் தமிழில் எண், தடிமன், சொல்லொருமை ஆகியன செய்யும். அனுமதியா தடையா என்பதைத் தலைப்பிலேயே உணர்த்தும் ஆற்றலோ தமிழ்த் தொழிற்பெயரிலேயே இருக்கிறது. ஆங்கிலத் தலைப்பைத் தமிழாக்குவோர் சொல்லுக்குச் சொல் பெயர்க்குமுன் கீழுள்ள பிரிவைப் படித்து, அது விதியா விலக்கா என்று கண்டு வடிவத்தைத் தேர்தல் வேண்டும்.