இரண்டும் இருக்கிறது, ஒன்றுதான் இயங்கும்

கேமிங் மானிட்டர் விற்கும் கடைகளில் பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு வாசகங்கள் அடிக்கடி பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கும். ஒன்று "1 ms MPRT". மற்றொன்று "Adaptive Sync", அல்லது அதன் வணிகப் பெயர்களான "FreeSync", "G-SYNC". வாங்கி வந்து மெனுவைத் திறந்து ஒன்றை இயக்கினால், பெரும்பாலான மானிட்டர்களில் மற்றொன்று சாம்பல் நிறமாகி அணைந்துவிடும். மானிட்டர் பழுதாகிவிட்டதோ என்று பலர் நினைக்கிறார்கள். பழுது ஏதுமில்லை. இரண்டு வசதிகளும் பின்னொளியிடம் எதிரெதிரான வேலைகளைக் கேட்கின்றன, அவ்வளவுதான். பெட்டியில் இதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

முதலில் மங்கல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எல்சிடி திரை ஒரு படத்தைக் காட்டினால் அடுத்த படம் வரும்வரை அதை அப்படியே பிடித்து வைத்திருக்கும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் சுமார் 16.7 மில்லிநொடி அசையாமல் நிற்கிறது. ஆனால் நம் கண் அசையாமல் நிற்பதில்லை. திரையில் ஓடும் காரைப் பார்க்கும்போது கண்ணும் அதன் வேகத்திலேயே வழுக்கிக்கொண்டு போகிறது. படம் ஒரே இடத்தில் நிற்க, கண் மட்டும் நகர்வதால் அந்தப் படம் விழித்திரையில் இழுபட்டுப் பதிகிறது. இழுபடும் அளவைக் கணக்கிடுவது சுலபம். 1920 பிக்சல் அகலத் திரையை இரண்டு நொடியில் கடக்கும் பொருளின் வேகம் நொடிக்கு 960 பிக்சல். 60 ஹெர்ட்ஸில் அது 16 பிக்சல் அகலத்துக்கு மங்கும். 120 ஹெர்ட்ஸில் 8 பிக்சல். பிக்சல்கள் எவ்வளவு விரைவாக நிறம் மாறினாலும் இந்த மங்கல் போகாது, ஏனென்றால் இது பிக்சலின் சோம்பலால் வருவதல்ல, படம் நிற்கும் நேரத்தால் வருவது.

பழைய குழாய்த் திரைகளில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் பாஸ்பர் பூச்சு ஓரிரு மில்லிநொடி ஒளிர்ந்து மங்கிவிடும். மீதி நேரம் அந்த இடம் இருட்டு. கண் நகர்ந்தாலும் இழுபடுவதற்குப் படம் அங்கே இருப்பதில்லை.

எல்சிடியில் இதே இருட்டைச் செயற்கையாக உண்டாக்குவதுதான் மின்னும் பின்னொளி. புதிய படம் மேலிருந்து கீழாக வரி வரியாகத் திரையில் எழுதப்படும் நேரம் முழுவதும் பின்னொளி அணைந்திருக்கும். எழுதி முடித்து, பிக்சல்கள் தத்தம் நிறத்தில் நிலைத்தபின், பின்னொளி ஒரு மில்லிநொடி அளவுக்குப் பளிச்சென்று எரிந்து அணையும். படம் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒரு மில்லிநொடி மட்டுமே. நம் கணக்கில் 8 பிக்சலாக இருந்த மங்கல் 1 பிக்சலுக்கு இறங்குகிறது. ஓடும் காரின் எண் பலகையைப் படிக்க முடிகிறது. "1 ms MPRT" என்ற வாசகம் குறிப்பது இதைத்தான். பக்கத்தில் சில சமயம் இருக்கும் "1 ms GtG" வேறு சங்கதி. அது பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம்.

இந்த உத்தி பரவலானது கொஞ்சம் தற்செயலாக. என்விடியா நிறுவனம் 2011இல் முப்பரிமாணக் கண்ணாடிகளுக்காக லைட்பூஸ்ட் என்ற மின்னும் பின்னொளியைக் கொண்டுவந்தது. கண்ணாடி இல்லாமல் சாதாரண விளையாட்டுகளுக்கும் அதை இயக்கினால் அசைவு வியக்கத்தக்க தெளிவோடு தெரிகிறது என்று பயனர்கள் பின்னர் கண்டுகொண்டார்கள். அதன் வழியில் ULMB வந்தது. அதே காலத்தில், 2013இல், அதே நிறுவனம் ஜி-சிங்க்கையும் அறிவித்தது. இரண்டும் ஒரே மானிட்டரில் இருந்தன, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் இயக்க முடியும். மோதல் அங்கேயே தொடங்கிவிட்டது.

அடாப்டிவ் சிங்க் செய்வது என்ன? சாதாரண மானிட்டர் தன் கடிகாரப்படி படத்தை மாற்றும். கிராஃபிக்ஸ் கார்டு அந்தத் தாளத்துக்கு ஈடுகொடுக்காவிட்டால் படம் நடுவில் கிழிந்தாற்போலத் தெரியும், அல்லது தடுக்கித் தடுக்கி ஓடும். அடாப்டிவ் சிங்க்கில் கடிகாரம் கார்டின் கைக்குப் போகிறது. படம் தயாரானதும் அனுப்பும்; அதுவரை திரை காத்திருக்கும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இப்போது 8 மில்லிநொடி, பிறகு 14, பிறகு 10 என்று இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும்.

மின்னும் பின்னொளி மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். விட்டுவிட்டு எரியும் விளக்கின் பிரகாசம், அது மொத்தத்தில் எவ்வளவு நேரம் எரிகிறது என்பதைப் பொறுத்தது. தொடர்ந்து எரிந்தால் 400 நிட் தரும் பின்னொளியை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 120 முறை, முறைக்கு ஒரு மில்லிநொடி எரிந்தால் அது ஒரு நொடியில் 120 மில்லிநொடி எரிகிறது. அதாவது 12 விழுக்காடு. கண்ணுக்குத் தெரிவது 48 நிட். (மின்னும்போது திரை மங்கித் தெரிவதற்கு இதுவே காரணம். பல மானிட்டர்கள் அந்தக் கணத்தில் எல்இடிக்குக் கூடுதல் மின்னோட்டம் கொடுத்து இதை ஓரளவு ஈடுகட்டுகின்றன.) இப்போது விளையாட்டில் ஒரு குண்டு வெடிக்கிறது, புகை கிளம்புகிறது, கார்டு திணறி நொடிக்கு 70 படமாக இறங்குகிறது. மின்னல்களும் 70 ஆகின்றன. 48 நிட்டாக இருந்த திரை 28 நிட்டாகிறது. புகை கலைந்ததும் மறுபடி 48. காட்சிக்குச் சம்பந்தமே இல்லாமல் திரை இருண்டு வெளுத்துக்கொண்டிருக்கும்.

இடைவெளி நீளும்போது மின்னலையும் நீட்டிவிட்டால் ஆகாதா என்று கேட்கத் தோன்றும். கணக்குப்படி சரிதான். 8 மில்லிநொடி இடைவெளிக்கு ஒரு மில்லிநொடி ஒளி என்றால் 14 மில்லிநொடி இடைவெளிக்கு 1.75 மில்லிநொடி கொடுத்தால் பிரகாசம் சமமாகும். சிக்கல் என்னவென்றால், மின்னும் கணத்தில் இடைவெளி எவ்வளவு என்று மானிட்டருக்குத் தெரியாது. அடுத்த படம் எப்போது வரும் என்பது கார்டுக்கே தெரியாது. அது இன்னும் வரைந்துகொண்டிருக்கிறது. அடுத்த கூலி என்றைக்குக் கிடைக்கும் என்று தெரியாத குடும்பம், கையில் இருப்பதில் இன்றைக்கு எவ்வளவு செலவழிப்பது என்று முடிவு செய்வதைப் போன்ற நிலை. இடைவெளி தெரியவரும்போது மின்னல் முடிந்து போயிருக்கும்.

இதற்கு வழிகள் தேடியிருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது. முந்தைய சில படங்களின் இடைவெளியை வைத்து அடுத்ததை ஊகிக்கலாம். வேகம் மெல்ல மாறும்போது இது பலிக்கும், திடீரென்று மாறும்போது மினுக்கம் தெரியும். ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தது வந்தபின் காட்டலாம். அப்போது இடைவெளி துல்லியமாகத் தெரியும், ஆனால் நொடிக்கு 100 படம் ஓடும்போது சுட்டியை அசைத்ததற்கும் திரை அசைவதற்கும் இடையே 10 மில்லிநொடி கூடுதல் தாமதம் ஏறும். போட்டியாக ஆடுபவர்கள் அதை ஏற்கமாட்டார்கள். பளிச்சென்று மின்னியபின், அடுத்த படம் வரும்வரை மங்கலான ஒளியை விடாமல் எரித்துப் பிரகாசத்தைச் சமன் செய்யலாம்; அந்த மங்கலான ஒளியில் மங்கலான ஓர் இழுவை மிஞ்சும்.

பிரகாசத்தைச் சமாளித்தாலும் அடுத்த தடை பிக்சல்கள் நிலைக்கும் நேரம். அடாப்டிவ் சிங்க்கில் ஒவ்வொரு படமும் திரையின் உச்ச வேகத்திலேயே எழுதப்படுகிறது. நீள்வதும் சுருங்குவதும் படங்களுக்கு இடையே உள்ள ஓய்வு நேரம் மட்டுமே. 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் எழுத ஏறக்குறைய 7 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 60 படம் வந்தால் எழுதியபின் 10 மில்லிநொடி ஓய்வு உண்டு. பிக்சல்கள் நிதானமாக நிலைக்கலாம். நொடிக்கு 144 வந்தால் ஓய்வு ஏறக்குறைய இல்லவே இல்லை. கடைசி வரிகள் எழுதப்படும்போதே அடுத்த படத்தின் முதல் வரிகள் வாசலில் நிற்கும். அந்த வேளையில் மின்னினால் திரையின் மேலேயோ கீழேயோ பழைய படத்தின் சாயல் பேய்போல ஒட்டிக்கொண்டு தெரியும். பழைய ULMB, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்களில்கூட 85, 100, 120 ஹெர்ட்ஸில் மட்டும் இயங்கியது. அப்படி வேகத்தைக் குறைத்து நிறுத்தினால், எழுதி முடித்தபின் கொஞ்சம் ஓய்வு நிச்சயமாகக் கிடைக்கும், பிக்சலைத் தள்ளிவிடும் மின்னழுத்தத்தையும் அந்த ஒரே வேகத்துக்குப் பொருத்திவிடலாம். மாறும் வேகத்தில் அந்த அழுத்தமும் படத்துக்குப் படம் மாற வேண்டும்.

கீழ் எல்லையிலும் தொல்லை உண்டு. நொடிக்கு 60 முறை மின்னும் ஒளியில் துடிப்பு பலருக்குக் கண்ணில் தெரியும், தலைவலியும் வரும். அடாப்டிவ் சிங்க் அதற்கும் கீழே, பல மானிட்டர்களில் 48 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அதற்கும் கீழே போனால் ஒரே படத்தை இரண்டு முறை காட்டிச் சமாளிக்கும். மின்னும் பின்னொளிக்கு அது நஞ்சு. முதல் மின்னலில் படம் விழித்திரையில் பதிகிறது. இரண்டாவது மின்னலுக்குள் கண் நகர்ந்துவிடுகிறது, படம் அதே இடத்தில் நிற்கிறது. ஓடும் கார் ஒன்றுக்கு இரண்டாகத் தெரியும். 120 ஹெர்ட்ஸில் மின்னும் திரையில் நொடிக்கு 60 படம் ஓடினாலும் இதே இரட்டை உருவம்தான். மின்னலும் படமும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தினால்தான் தெளிவு.

ஆகவே இரண்டில் எதைத் தேர்வது என்பதை விளையாட்டுதான் தீர்மானிக்கிறது. உங்கள் கார்டு நொடிக்கு 120 படத்தை விடாமல் தரும் என்றால், திரையை 120 ஹெர்ட்ஸில் நிறுத்தி, வி-சிங்க் போட்டு, மின்னும் பின்னொளியை இயக்குங்கள். படங்களின் எண்ணிக்கை 60க்கும் 100க்கும் இடையே அலைந்தால் அடாப்டிவ் சிங்க்கே நல்லது. மின்னலைப் போட்டால் மங்கல் போன இடத்தில் தடுக்கலும் இரட்டை உருவமும் வந்து உட்காரும்.

இரண்டையும் சேர்த்து இயக்கும் மானிட்டர்களும் உண்டு. ஏசஸ் 2019இல் VG27AQ மானிட்டரில் ELMB Sync என்ற பெயரில் கொண்டுவந்தது. என்விடியா 2024 ஜனவரியில் ஜி-சிங்க் பல்சரை அறிவித்தது; அதில் பின்னொளி முழுத் திரைக்கும் ஒரே நேரத்தில் மின்னாமல், பட்டை பட்டையாக மேலிருந்து கீழே மின்னிக்கொண்டு போகிறது. எழுதப்படும் வரிகளைத் தொடர்ந்து ஒளியும் இறங்குவதால், மேலே இருக்கும் பிக்சலுக்கும் கீழே இருக்கும் பிக்சலுக்கும் நிலைக்கக் கிடைக்கும் நேரம் ஒரே அளவாகிறது. என் கணிப்பில் சரியான திசை இதுதான், ஏனென்றால் பேய்ச் சாயலின் வேரையே இது தொடுகிறது.

இப்படிப்பட்ட மானிட்டரை வாங்கும் முன் சோதித்துப் பார்க்க முடிந்தால் இதைச் செய்யுங்கள். முதலில் testufo.com தளத்தைத் திறந்து, ஓடும் பறக்கும் தட்டைக் கண்ணால் பின்தொடருங்கள். திரையின் நடுவில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். உலாவியின் சன்னலை உச்சிக்கும் அடிக்கும் நகர்த்தி அங்கேயும் சாயல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வெளிறிய வானமோ சுவரோ திரையை நிறைக்கும் ஒரு விளையாட்டைத் திறந்து, அதன் அமைப்புகளில் படங்களின் உச்சவரம்பை 110, 80, 55 என்று மாற்றிக்கொண்டே போங்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த வெளிர்நிறம் இருண்டாலோ துடித்தாலோ பிரகாசம் சமன் செய்யப்படவில்லை. 55இல் ஓரங்கள் இரண்டாகத் தெரிந்தால் ஒரு படத்துக்கு இரண்டு மின்னல் விழுகிறது.