நிறுவனத்தார் பேசிவிட்டுப் போன பிறகு எழுதும் கடிதம்

பொறியியல் கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனம், தேர்வு வைப்பதற்கு முன் மாணவர்களை அரங்கில் உட்காரவைத்துத் தன்னைப் பற்றிப் பேசும். ‘பிரீ பிளேஸ்மென்ட் டாக்’ என்பது இதன் பெயர், விடுதியில் ‘பிபிடி’. பெரும்பாலும் இரண்டு பேர் வருவார்கள். மனிதவளத் துறைக்காரர் சம்பளம், பயிற்சிக் காலம், வேலை இடம் ஆகியவற்றைத் திரையில் காட்டுவார். தொழிற்சாலையிலிருந்து வந்தவர் வேலை எப்படியிருக்கும் என்று சொல்வார். அந்தப் பேச்சில் வந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டு, பேசியவருக்கு மாணவர் எழுதும் ஒரு பக்கத்துக்கும் குறைவான கடிதத்தைப் பற்றியது இக்கட்டுரை.

எல்லா நிறுவனத்துக்கும் இக்கடிதம் பொருந்தாது. ஒரே நாளில் காலையில் பேச்சு, பகலில் எழுத்துத் தேர்வு, மாலையில் நேர்காணல் என்று முடித்துவிட்டுப் போகும் பெரிய மென்பொருள் நிறுவனங்களுக்கு எழுதுவதற்கு இடைவெளியே கிடையாது. பேசியவர் மறுநாள் வேறொரு ஊரில் அதே படங்களைக் காட்டிக்கொண்டிருப்பார். பேச்சுக்கும் தேர்வுக்கும் நடுவே இரண்டு மூன்று வாரம் விடும் நிறுவனங்களில், அதுவும் ஐந்தாறு பேரையே எடுக்கும் பம்பு, வார்ப்பு, மோட்டார் போன்ற ‘கோர்’ நிறுவனங்களில்தான் கடிதத்தை ஒருவர் உட்கார்ந்து படிக்க வாய்ப்பிருக்கிறது.

எழுதுவதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு வார்த்தை உண்டு. மாணவர்கள் நிறுவனத்தாரை நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது என்று பல கல்லூரிகளின் பிளேஸ்மென்ட் செல் விதி வைத்திருக்கிறது. பத்து வருடமாக வந்துகொண்டிருக்கும் நிறுவனத்தை ஒரு மாணவரின் தொந்தரவால் இழந்துவிடக் கூடாதே என்ற பயம் அதற்குக் காரணம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. “சார், அவர் சொன்ன ஒரு விஷயத்தைப் பற்றி மெயில் எழுதலாமா?” என்று பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். முகவரி கிடைக்கும், அல்லது “எழுதிக் கொடு, நானே அனுப்புகிறேன்” என்ற பதில் வரும். இரண்டாவது வழியில் போகும் கடிதத்துக்குக் கல்லூரியின் பெயர் துணை நிற்கிறது என்பதால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

கடிதத்தின் சரக்கு அரங்கிலேயே சேகரிக்கப்பட்டாக வேண்டும். திரையில் ஓடும் படங்கள் எல்லாக் கல்லூரிக்கும் பொது. நிறுவனம் தொடங்கிய ஆண்டு, எத்தனை நாடுகளுக்கு ஏற்றுமதி என்பதையெல்லாம் குறித்துவைத்துப் பயனில்லை. படத்தை விட்டுவிட்டு அவர் சொந்தமாகச் சொன்னதும், மாணவர் கேள்விக்குப் பதிலாகச் சொன்னதும்தான் அந்த அரங்கில் இருந்தவருக்கு மட்டும் தெரிந்தவை. அவற்றை அவருடைய சொல்லிலேயே, சொன்னது யார் என்பதோடு குறித்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் நினைவிலிருந்து எழுதினால் ‘சில’ என்றது ‘பல’ ஆகியிருக்கும், மனிதவளத்துக்காரர் சொன்னது தொழிற்சாலைக்காரர் கணக்கில் ஏறியிருக்கும்.

கற்பனையாக ஒரு மாணவரை வைத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி, இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு. வந்தது போர்வெல்லுக்குள் இறக்கும் சப்மெர்சிபிள் பம்பு செய்யும் நிறுவனம். உற்பத்தி மேலாளர் பேச்சுவாக்கில் சொன்னார்: “மோட்டார் எரிஞ்சு போச்சுன்னுதான் எல்லாரும் கொண்டு வருவாங்க. பிரிச்சுப் பார்த்தா பல மோட்டார்ல புஷ் முதல்ல தேய்ஞ்சிருக்கும். எரிஞ்சது கடைசியா நடந்தது. எங்ககிட்ட வர்ற டிரெய்னி முதல்ல இதைத்தான் பார்க்கணும்.”

அவர் சொன்னதன் பொருள் இது. மோட்டாரின் நடுவில் சுற்றும் ரோட்டரை இரு முனையிலும் தாங்குபவை புஷ்கள். மண் கலந்த தண்ணீர் மோட்டாருக்குள் புகுந்தால் அவை தேயும். தேய்ந்தபின் ரோட்டர் நடுவில் நிற்காமல் ஆடும்; சுற்றியிருக்கும் ஸ்டேட்டரை உரசும்; இழுக்கும் கரண்ட் கூடி வைண்டிங் சூடேறிக் கருகும். பிரிப்பவர் கண்ணில் முதலில் படுவது கருகிய வைண்டிங்தான். காயில் கட்டி, பழைய புஷ்ஷோடு மறுபடி இறக்கினால் அடுத்த கோடைக்கு மோட்டார் மேலே வந்துவிடும்.

அன்றிரவு மாணவர் எழுதிய முதல் படி இப்படி இருந்தது: “மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் உரை மிகவும் ஊக்கமளிப்பதாக இருந்தது. தங்கள் நிறுவனம் துறையில் முன்னணியில் இருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். நான் கடின உழைப்பாளி. தங்கள் நிறுவனத்தில் பணியாற்ற ஒரு வாய்ப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.” இதில் பம்பை எடுத்துவிட்டு பிஸ்கட்டை வைத்தாலும் ஒரு சொல் மாற வேண்டியதில்லை. உண்மையில் பம்பே இதில் இல்லை. அவர் பேசியதைக் கேட்காமல் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவரும் இதை எழுதியிருக்க முடியும்.

இரண்டாவது படி நேர்மாறு. குறிப்பேட்டில் இருந்த ஏழு விஷயங்களும் வரிசையாக இறங்கிவிட்டன. கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு மாதிரி இருந்த அதில், தான் சொன்னதையே பேசியவர் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது. எழுதியவருக்கு அந்த ஏழில் எது உறைத்தது என்பதற்குத் தடயம் இல்லை.

மூன்றாவது படி ஆங்கிலத்தில் போயிருக்கும். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“ஐயா, செவ்வாய்க்கிழமை எங்கள் கல்லூரியில் பேசும்போது, எரிந்துவிட்டதாக வரும் மோட்டார்களைப் பிரித்தால் பலவற்றில் புஷ்தான் முதலில் தேய்ந்திருக்கிறது என்றீர்கள். பல்லடம் அருகே எங்கள் தோட்டத்து போர்வெல் மோட்டாருக்கு இரண்டு வருடத்தில் இரண்டு முறை காயில் கட்டினோம். இரண்டு முறையும் கூடவே இருந்தேன். புஷ்ஷை யாரும் அளந்து பார்க்கவில்லை. தண்ணீரில் மணல் வந்துகொண்டிருந்தது. அதனால் ஒரு கேள்வி. உங்கள் சர்வீஸ் பிரிவில் காயில் கட்டும் முன் புஷ்ஷின் தேய்மானத்தை அளப்பது கட்டாயமா? எந்த அளவுக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றுகிறீர்கள்? நான் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். உங்கள் தேர்வுக்குக் கல்லூரி வழியாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி.”

இதில் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான் வருகிறது, அதுவும் முதல் வாக்கியத்திலேயே. நாள் குறிப்பிட்டிருப்பதால் வாரத்துக்கு நான்கு கல்லூரியில் பேசுபவருக்கு எந்த அரங்கு என்று பிடிபடும். அடுத்து அவர் சொன்னதை மாணவர் தன் கண்ணால் கண்டதோடு ஒட்டுகிறார். ஒட்டும் இடம் தோட்டமாக இருக்கலாம், இறுதியாண்டு புராஜெக்டாக இருக்கலாம், கோடை விடுமுறையில் நின்ற பட்டறையாகவும் இருக்கலாம். ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லாதவர் வலிந்து ஒட்டினால் நேர்காணலில் பிய்ந்துவிடும். கேள்வி ஒரே விஷயத்தைப் பற்றியது. தெரிந்தவர் இரண்டு வரியில் பதில் போடலாம். வேலை கொடுங்கள் என்ற வேண்டுகோள் இல்லை. பெயர் கொடுத்திருக்கிறேன் என்பதே போதும். பயோடேட்டா கல்லூரி வழியாக ஏற்கெனவே போயிருக்கும், மறுபடி இணைக்கத் தேவையில்லை. பெயருக்குக் கீழே பதிவு எண்ணும் துறையும் இருந்தால் பட்டியலில் தேட வசதி.

பேசியவர் சொன்ன எல்லாவற்றையும் எழுத்தில் திருப்பிக் கொடுக்கவும் கூடாது. அதே மேலாளர் கேள்வி நேரத்தில், “அடுத்த வருஷம் புது யூனிட் வருது, முப்பது பேர் தேவைப்படும்” என்றும், “போன பேட்ச்ல பாதிப் பேர் ஓடிட்டாங்க” என்றும் சொல்லியிருக்கலாம். அரங்கில் அது சிரிப்போடு போன பேச்சு. “முப்பது பேரை எடுப்பதாகக் கூறினீர்கள்” என்று மெயிலில் வந்தால் அது அவர் கொடுத்த வாக்குறுதி போல ஆகிவிடும். இந்தக் கடிதம் அவரோடு நிற்பதில்லை. ‘பார்க்கவும்’ என்ற ஒரு சொல்லோடு மனிதவளத் துறைக்குத் தள்ளிவிடப்படும். அங்கே இருப்பவர் பேச்சைக் கேட்டிராதவர். அவருக்கும் புரியும்படியும், பேசியவருக்கு அங்கே சங்கடம் வராதபடியும் இருக்கிறதா என்று அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. சம்பளம், பாண்டு, எத்தனை பேர் என்ற கேள்விகளுக்கு இடம் பிளேஸ்மென்ட் அலுவலகம்.

எண்ணில் சந்தேகம் இருந்தால் எண்ணை விட்டுவிடலாம். சொல்லில் சந்தேகம் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைக் கேட்கலாம். அவர் சொன்னது புஷ்ஷா, அச்சின் முழுப் பாரத்தையும் கீழிருந்து தாங்கும் திரஸ்ட் பேரிங்கா என்பது அரங்கின் எதிரொலியில் குழம்பக் கூடியது. இரண்டும் தேயும், காரணங்கள் வேறு. தவறாக மேற்கோள் காட்டிய கடிதத்தைவிட எழுதாமல் இருந்ததே மேல். அப்படியும் தெளியாவிட்டால் “நான் புரிந்துகொண்டது சரியானால்” என்று தொடங்குவதில் குற்றமில்லை.

மறுநாள் காலையில் அனுப்புவது சரியான நேரம். இரவே எழுதி, தூங்கி எழுந்து ஒருமுறை படித்தால் அவருடைய பெயரில் இருக்கும் எழுத்துப்பிழை கண்ணில் படும். நான்கு நாள் தள்ளினால் அவர் அரங்கையே மறந்திருப்பார்.

விடுதியில் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. ஒருவர் நன்றாக எழுதிய கடிதம் வாட்ஸ்அப் குழுவில் ஏறும். மாலைக்குள் ஐந்து பேர் தோட்டத்திலும் மோட்டார் எரிந்திருக்கும். ஒரே அறையிலிருந்து ஒரே புஷ் ஐந்து முறை வந்தால் முதலில் எழுதியவரின் உண்மையான தோட்டமும் பொய்யாகிவிடும். அனுப்பி முடிக்கும்வரை யாரிடமும் காட்டாமல் இருப்பது கஞ்சத்தனம் ஆகாது.

பல கடிதங்களுக்குப் பதில் வராது. வந்தால் “நல்ல கேள்வி, நேர்காணலில் பேசுவோம்” என்ற அளவில் வரும். அதற்கு ஒரு வரி நன்றி போதும். பதில் வராததற்கு நினைவூட்டல் அனுப்பினால் கடிதம் வசூல் நோட்டீஸ் போலாகிவிடும். எழுத்துத் தேர்வின் கட் ஆஃபைக் கடிதம் ஒரு மதிப்பெண்கூடக் குறைக்காது.

தேர்வைத் தாண்டி உள்ளே போனால், கடிதம் வேலை செய்யும் இடம் தொழில்நுட்ப நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் அதே மேலாளர் இருந்து, “நீதானேப்பா புஷ் பத்தி எழுதினவன்? சரி, தேய்மானத்தை எதை வெச்சு அளப்ப?” என்று தொடங்கக்கூடும். தண்டின் வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டராலும் புஷ்ஷின் உள்விட்டத்தை போர் கேஜாலும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, புதிதாக இருந்தபோது வைத்த இடைவெளியோடு ஒப்பிடுவேன் என்று சொல்ல வேண்டும். அடுத்து அவர், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் என்ன செய்வாய் என்று கேட்பார். ஒரே இடத்தில் அளந்தால் ஏமாந்துவிடுவோம், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையில் அளக்க வேண்டும் என்ற பதில், கடிதம் அனுப்பிய நாளுக்கும் நேர்காணலுக்கும் இடையில் கல்லூரிப் பட்டறையில் ஒரு பழைய புஷ்ஷை அளந்து பார்த்தவருக்குத் தானாக வரும்.