வெட்டும் ஓரம் யார் கையில்?

விண்டோஸில் திரையைப் படமெடுக்க Win + Shift + S அழுத்தினால் திரை சற்று மங்கி, மேலே ஒரு சின்னப் பட்டை வரும். பெரும்பாலானவர்கள் அதை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மவுஸை இழுத்து ஒரு செவ்வகம் வெட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பட்டையிலேயே Window, Freeform என்று இன்னும் இரண்டு வகைகள் இருக்கின்றன. ஒன்றில் கைக்கு வேலையே இல்லை. மற்றதில் எல்லா வேலையும் கைக்குத்தான். எதை எடுப்பது என்று முடிவுசெய்ய ஒரே கேள்வி போதும்: வெட்ட வேண்டிய பொருளின் ஓரம் கணினிக்குத் தெரியுமா, உங்கள் கண்ணுக்கு மட்டும் தெரியுமா?

கணக்கு மென்பொருள் ஒன்று திடீரென ஒரு சிறிய பிழைச் செய்திப் பெட்டியைக் காட்டி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சரிசெய்பவருக்கு அனுப்ப வேண்டும். முழுத் திரையையும் எடுத்தால் பின்னால் திறந்து கிடக்கும் மின்னஞ்சலும் வங்கிப் பக்கமும் கூடவே போய்ச் சேரும். செவ்வகமாக இழுத்தால் பெட்டியின் தலைப்பில் உள்ள மென்பொருளின் பெயரோ, கடைசி வரியில் உள்ள பிழை எண்ணோ விட்டுப்போகலாம். சரிசெய்பவர் முதலில் தேடுவதே அந்த இரண்டையும்தான். விண்டோ வகையைத் தேர்ந்து பெட்டியின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் அந்தப் பெட்டி மட்டும் தனித்துத் தெரியும். ஒரு கிளிக்கில், தலைப்பிலிருந்து அடிவரை குறையில்லாமல் படம் கிடைத்துவிடும். ஒரு பாடத்துக்காக ஒரே மென்பொருளைப் பத்து இடங்களில் படமெடுப்பவர்களுக்கும் இதுவே வசதி. ஜன்னலின் அளவை மாற்றாதவரை எல்லாப் படங்களும் ஒரே அளவில் வரும்.

இது ஏமாற்றும் இடமும் உண்டு. இணையதளம் ஒன்று நடுத்திரையில் காட்டும் அறிவிப்புப் பெட்டி நம் கண்ணுக்குத் தனி ஜன்னல் போலத்தான் இருக்கும். ஆனால் அது பிரவுசருக்குள் வரையப்பட்ட ஒரு படம். விண்டோஸுக்கு அப்படியொரு ஜன்னல் இருப்பதே தெரியாது. அதன்மேல் கிளிக் செய்தால் டேப்கள், முகவரிப் பட்டை சகிதம் பிரவுசர் முழுவதும் வந்து விழும். கிளிக் செய்யுமுன் எந்தப் பகுதி தனித்துத் தெரிகிறது என்று ஒரு நொடி பார்த்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம். இன்னொன்று, வேண்டிய ஜன்னலின் மேல் வேறொன்று பாதி மூடிக் கிடந்தால் மூடியிருப்பதும் படத்தில் சேர்ந்துவிடும். எடுக்க வேண்டியதை முன்னால் கொண்டுவந்துவிட்டுத்தான் குறுக்குவிசையை அழுத்த வேண்டும். நீளமான பக்கத்தில் திரைக்குக் கீழே இருப்பது வருமா என்று சிலர் கேட்பார்கள். வராது, கண்ணுக்குத் தெரிவது மட்டுமே வரும்.

ஃப்ரீஃபார்ம் இதற்கு நேர் எதிர். உயிரியல் ஆசிரியர் ஒருவர் வினாத்தாளுக்காக ஒரு பி.டி.எஃப் பக்கத்திலிருந்து இதயத்தின் படத்தை மட்டும் எடுக்க வேண்டும். சுற்றிலும் பாகங்களின் பெயர்கள் நெருக்கி அச்சிடப்பட்டிருக்கின்றன. அவைதான் விடைகள்! செவ்வகமாக வெட்டினால் நாலு பெயராவது ஒட்டிக்கொண்டு வரும். இங்கே இதயத்தின் ஓரம் ஆசிரியரின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவர்தான் மவுஸால் வளைத்து வளைத்து வரைய வேண்டும். தொடங்கும் முன் பக்கத்தைத் திரை கொள்ளும் அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்வது நல்லது. அப்போது கை நடுக்கம் படத்தில் சிறிதாகவே தெரியும். படமும் கூடுதல் துல்லியத்தோடு கிடைக்கும். பின்னர் வேர்டில் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

மவுஸ் பொத்தானை விட்ட நொடியே வெட்டு முடிந்துவிடும். பாதி வட்டத்தில் விரல் நழுவினால், தொடங்கிய புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் நடுவே ஒரு நேர்கோடு போட்டுக் கருவியே மூடிவிடும்; இதயத்தில் ஒரு பக்கம் காணாமல் போயிருக்கும். இதனால்தான் டச்பேடில் இந்த வேலை எரிச்சலூட்டுகிறது. மவுஸ் தேவலை, எழுதுகோல் உள்ள திரை இன்னும் தேவலை.

சேமிக்கும்போதும் கவனம் வேண்டும். எப்படி வளைத்து வெட்டினாலும் கோப்பு என்னவோ செவ்வகம்தான். கோட்டுக்கு வெளியே உள்ள இடம் வெறுமையாக விடப்படுகிறது. PNG ஆகச் சேமித்தால் அந்த வெறுமை அப்படியே நிற்கும். JPG வகைக்கு வெறுமை என்பதே கிடையாது. அங்கே ஏதாவதொரு நிறம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெள்ளைத்தாள் வினாத்தாளில் இது தெரியாமல் போகலாம். நீலப் பின்னணியுள்ள ஸ்லைடில் வைத்தால் இதயத்தைச் சுற்றி ஒரு கட்டம் தெரியும். தெரிந்தால் வகையை மாற்றிச் சேமித்துப் பாருங்கள்.

எழுத்து வரிகளை மட்டும் ஃப்ரீஃபார்மில் வெட்ட வேண்டாம். எவ்வளவு நிதானமாக இழுத்தாலும் எங்கோ ஒரு கால் அறுபட்டு, ‘கோ’ ‘கே’ ஆகிவிடும். அதற்குப் பழைய செவ்வகமே போதும்.