பழைய டீசல் கார்: எஞ்சின் ஆறியிருக்கும்போதே பாருங்கள்

காரைப் பார்க்கப் போகும் நாளில், எஞ்சினை முன்கூட்டியே ஓட விட்டுச் சூடாக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். இன்ஜெக்டர் தேய்ந்திருந்தால் ஆறிய எஞ்சினில்தான் பெரும்பாலும் தெரியும்: கிளம்பத் தாமதம், ஐட்லிங்கில் நடுக்கம், வெள்ளைப் புகை.

பிறகு ஆயில் குச்சி. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓடினால் அந்தக் கரி தானாக எரிந்துபோகும். ஊருக்குள் மட்டுமே ஓடிய காரில் எரிப்பு பாதியில் நின்று நின்று, அதற்காகத் தெளித்த டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். 2021 மாடல் ஒன்றில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்று டீசல் வாடையும் அடித்தால், வடிகட்டி திணறுகிறது என்று சந்தேகியுங்கள். புகைக்குழாயின் உட்புறத்தை விரலால் தடவுங்கள். திட்டாகக் கரி ஒட்டினால் வடிகட்டி உடைந்திருக்கலாம், கழற்றப்பட்டும் இருக்கலாம். கரியை எரிக்கலாம், மிஞ்சும் சாம்பல் எரியாது.

டர்போவின் குழாயில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இயல்புதான். எண்ணெய் தேங்கி நின்று, முடுக்கும்போது நீலப் புகையும் ஊளைச் சத்தமும் வந்தால் டர்போ தேய்ந்திருக்கிறது.

ஆயில் ஏறி, புகைக்குழாயிலும் கரி படிந்த காரை, விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள்.