சர்வேயர் டைரி – 9: எருமை இடித்த கார்

சென்ற வாரம் வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பார்த்தோம். இந்த வாரம் திண்டிவனம் – விழுப்புரம் சாலையில் இரவு 11 மணிக்கு எருமையை இடித்த ஒரு கார். 1,200 சிசி பெட்ரோல் வண்டி, வயது மூன்று வருஷம் எட்டு மாசம்.

ஒர்க்‌ஷாப்பில் நான் போய்ப் பார்த்தபோது பானட் நடுவில் குழிந்திருந்தது. பம்பர் பிளந்திருந்தது, கண்ணாடி சிலந்தி வலையாக விரிந்திருந்தது. கிளைம் படிவத்திலோ, ‘எதிரே வந்த லாரி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது’ என்று எழுதியிருந்தார்கள். லாரி இடித்திருந்தால் அதன் பெயின்ட் எங்காவது ஒட்டியிருக்க வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லை. கிரில்லின் உடைந்த பல்லில் கறுப்பு முடி நாலைந்து சிக்கியிருந்தது. அதற்குக் கீழே காய்ந்த சாணம்.

“மாடுன்னு எழுதினா பணம் தர மாட்டாங்கன்னு சொன்னாங்க சார்” என்றார் உரிமையாளர். ஊரில் இப்படி ஒரு பேச்சு இருக்கிறது, ஆதாரம் கிடையாது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் ‘ஓன் டேமேஜ்’ பகுதி இருக்கிறது. விபத்து என்றால் அது விபத்துதான். குறுக்கே வந்தது லாரியா, எருமையா, தெருநாயா என்ற பேதம் அங்கே இல்லை. மாடு யாருடையது என்று கண்டுபிடித்துத் தரச் சொல்லி நிபந்தனையும் இல்லை. (வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருந்தால் உங்கள் வண்டிக்கு ஒரு பைசா வராது.) ஆனால் பொய்யாக எழுதிய படிவம், வரவேண்டிய பணத்தையே கெடுத்துவிடும். திருத்தி எழுதித் தரச் சொன்னேன். தந்தார்.

விஷயம் அதோடு முடியவில்லை. எஸ்டிமேட்டின் இரண்டாவது தாளில் இன்ஜின் வேலை 70,000 ரூபாய் என்று இருந்தது. எருமை இன்ஜினை இடிக்கவில்லையே? பானட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரேடியேட்டர் கிழிந்து கூலன்ட் மொத்தமும் வடிந்திருந்தது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி அதன் மேல் நேர்ச்சட்டம் வைத்தார் மெக்கானிக். அடியில் வெளிச்சம் தெரிந்தது. ஹெட் வளைந்திருக்கிறது. அடி பட்டால் உலோகம் உடையும் அல்லது நசுங்கும். இப்படிச் சீராக வளைவது சூட்டில்தான்.

விபத்து நடந்த இடத்தைப் படிவத்தில் பார்த்தேன். டோ வண்டி ரசீதில் காரை ஏற்றிய இடத்தையும் பார்த்தேன். நடுவே 14 கிலோமீட்டர். நடுராத்திரி, குடும்பத்தோடு அந்த இருட்டில் நிற்கப் பயந்து ஓட்டியிருக்கிறார். நானாக இருந்தாலும் ஓட்டியிருப்பேனோ என்னவோ. ஆனால் பாலிசி நிபந்தனை கறாரானது: விபத்துக்குப் பிறகு, தேவையான பழுது பார்க்காமல் வண்டியை ஓட்டினால், அதனால் கூடும் சேதம் உரிமையாளர் தலையில். 70,000 அப்படியே கழிந்தது.

மிச்சம் எருமை செய்த சேதம் 55,000. அதுவும் முழுதாக வராது, தேய்மானம் பிடிப்பார்கள். பம்பர், கிரில், ஹெட்லைட் எல்லாம் பிளாஸ்டிக் வகை. வண்டியின் வயது எதுவானாலும் பாதிதான். 12,000-க்கு 6,000. பானட், ரேடியேட்டர், ஏசி கண்டென்சர் உலோகம். மூன்று முதல் நான்கு வருஷ வண்டிக்கு 25 சதவீதம் பிடித்தம், ஆக 20,000-க்கு 15,000. கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது, 7,000-ம் வரும். கூலி 8,000-ம் முழுசு. பெயின்டிங் பில் 8,000-ல் கால் பங்கு பெயின்ட் பொருள் என்று வைத்து, அதில் பாதியைக் கழித்தால் 7,000. கூட்டினால் 43,000. 1,500 சிசி வரையிலான காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. கைக்கு 42,000.

“பம்பர் டு பம்பர் போட்டிருந்தா?” என்று கேட்டார். போட்டிருந்தால் தேய்மானமாகப் போன 12,000-ல் பெரும்பகுதி வந்திருக்கும். 70,000 அப்போதும் வந்திருக்காது.

அதே வாரம் பக்கத்து வீட்டுக்காரர் நாய் மோதி விரிசல் விட்ட பம்பரோடு வந்தார். 5,000 ரூபாய் பில். பாதி போக 2,500, கட்டாயப் பிடித்தம் போக 1,500. கிளைம் செய்தால் அடுத்த புதுப்பித்தலில் அவருக்கு வரவேண்டிய 45 சதவீத நோ கிளைம் போனஸ் பூஜ்யமாகிவிடும். அவருடைய ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000, போனஸே 3,600. படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “லோக்கல்ல ஒட்டிக் குடுக்கிற பையன் யாராவது இருக்கானா?” என்று கேட்டார்.

(அடுத்த வாரம்: நிறுத்தியிருந்த காரின் மேல் விழுந்த தென்னை)