சேலையில் இல்லாத ஜரிகை

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கும் சிறிய கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் சேலையை மேசையில் விரித்து, செல்போனில் படம் பிடித்து, இணையத்தில் போட்டார்கள். இப்போது அந்தப் படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்தால் போதும். கோயில் மண்டபத்துத் தூண் அருகே ஒரு பெண் அந்தச் சேலையை உடுத்தி நிற்கும் விளம்பரப் படம் சில நொடிகளில் வந்துவிடுகிறது. அந்தப் பெண்ணும் இல்லை, மண்டபமும் இல்லை. சேலை மட்டும்தான் நிஜம்.

பார்வையற்ற ஒருவர் இந்தப் பக்கத்துக்கு வரும்போது, ஆண்ட்ராய்டு போனில் உள்ள டாக்பேக், ஐபோனில் உள்ள வாய்ஸ்ஓவர் போன்ற திரை வாசிப்பான் பக்கத்தை அவருக்குப் படித்துச் சொல்லும். படத்தை அதனால் உள்ளபடி படிக்க முடியாது. படத்தோடு கடைக்காரர் எழுதிவைத்த மாற்று உரையைத்தான் படிக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும் கேட்கும். எழுதாமல் விட்டிருந்தால் "படம்" என்று மட்டும் சொல்லலாம், கோப்பின் பெயரை ஒப்பிக்கலாம், அல்லது தானே ஊகித்து ஒரு விவரிப்பைச் சொல்லலாம்.

எழுதியிருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. படத்தை உருவாக்கத் தட்டச்சு செய்த கட்டளையையே பல கடைகள் மாற்று உரையாக ஒட்டிவிடுகின்றன:

```
alt="மாலை வெயிலில் கோயில் தூண் அருகே புன்னகைக்கும் அழகிய பெண்"
```

சேலை வாங்க வந்தவருக்கு இதில் சேலையே இல்லை. நிறம் என்ன, கரை எவ்வளவு அகலம், உடலில் என்ன வேலைப்பாடு என்று எதுவும் தெரியவில்லை. இருப்பதெல்லாம் விற்பனைக்கு இல்லாத மாலை வெயில்தான்.

சுங்குடிக்கு இது கூடுதல் அநியாயம். 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியின் உயிரே அதன் புள்ளிகளில் இருக்கிறது. துணியைச் சிறுசிறு முடிச்சுகளாகக் கட்டிச் சாயத்தில் தோய்த்தால், சாயம் ஏறாத இடம் புள்ளியாகிறது. கையால் கட்டியது என்பதால் ஒரு புள்ளியைப் போல இன்னொன்று இருக்காது. முடிச்சு அவிழ்த்த இடத்தில் மெல்லிய சுருக்கம் நிற்கும், விரலால் தடவினால் தெரியும். செயலியோ புள்ளிகளை ஒரே அளவில், அச்சடித்ததுபோல் அடுக்கிவிடும். சில நேரம் சாதாரண நூல் கரையில் தங்க ஜரிகையும் ஏற்றிவிடும். அந்தப் படத்தை மட்டும் பார்த்து மாற்று உரை எழுதினால், இல்லாத ஜரிகை வாங்குபவரின் காதுக்கும் போய்விடும். பார்வையுள்ளவர் அடுத்த படத்தைப் பெரிதாக்கிச் சந்தேகப்படலாம். கேட்டு வாங்குபவருக்கு அந்த வாய்ப்புக் கிடையாது. பார்சலைப் பிரித்துத் தடவும்போதுதான் வேறுபாடு தெரியும்.

ஆகவே மாற்று உரையைச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும். சேலையை மேசையில் விரித்து, உடல், கரை, முந்தி என வரிசையாகப் படத்தோடு ஒப்பிட வேண்டும். கரையில் ஜரிகை முளைத்திருந்தால் அந்தப் படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு படம் செய்ய வேண்டும். பொய்ப் படத்துக்கு மெய்யான உரை எழுதிச் சமாளிப்பது இரு தரப்பு வாடிக்கையாளரையும் குழப்பும். படம் சரியாக இருந்தால் இப்படி எழுதலாம்:

```
alt="அரக்கு நிறச் சுங்குடிச் சேலை உடுத்திய பெண். உடல் முழுதும் சிறு வெள்ளைப் புள்ளிகள், இரண்டு விரல் அகலப் பச்சைக் கரை, ஜரிகை இல்லை."
```

"இந்தப் படத்தில்" என்று தொடங்கத் தேவையில்லை. படம் என்பதைத் திரை வாசிப்பானே சொல்லிவிடும். நிறத்தை விட்டுவிடக் கூடாது. பிறவியிலேயே பார்வை இல்லாதவரும் எந்த ரவிக்கை பொருந்தும் என்று பார்த்துத்தான் வாங்குகிறார். துணியின் கனம், நீளம், துவைக்கும் முறை ஆகியவை பக்கத்தின் விவரப் பகுதிக்கு உரியவை.

படத்தின் கீழே எல்லோருக்கும் தெரியும் படக்குறிப்பு வேறு வேலை செய்கிறது. மாற்று உரையை அங்கே திரும்ப எழுதினால், கேட்பவர் ஒன்றையே இரண்டு முறை கேட்க நேரும். எல்லோரும் அறிய வேண்டியதை அங்கே சொல்லலாம்: "கையால் முடிச்சிட்ட புள்ளிகள். பெண்ணும் மண்டபமும் கணினியில் உருவாக்கியவை. சேலையின் நேர்ப் படம் அடுத்தது." தள்ளுபடி அறிவிப்பைப் படத்துக்குள் பதிக்காமல் பக்கத்தில் எழுத்தாகவே போடுவது நல்லது. செயலிகள் தமிழ் எழுத்துகளை அடிக்கடி சிதைத்துவிடுகின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திரை வாசிப்பானும் தவறவிடலாம். பக்க ஓரத்தை அலங்கரிக்கும் கோலப் படத்துக்கு `alt=""` என்று வெறுமையாக விட்டால் திரை வாசிப்பான் அதைத் தாண்டிப் போய்விடும்.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. டாக்பேக்கை இயக்கி, படத்தைப் பார்க்காத ஒருவரிடம் பக்கத்தைக் கேட்கக் கொடுக்க வேண்டும். பிறகு, என்ன சேலை வரப்போகிறது என்று அவரையே சொல்லச் சொல்ல வேண்டும். கரையைப் பற்றி அவர் திருப்பிக் கேள்வி கேட்டால் உரையில் கரை விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

இத்தனையும் செய்த கடைகூட ஓரிடத்தில் சறுக்கும். அரக்குச் சேலை தீர்ந்து பச்சை வருகிறது. செயலியில் நிறத்தை மட்டும் மாற்றிப் புதுப் படம் ஏற்றுகிறார்கள், பழைய மாற்று உரை அப்படியே நிற்கிறது. கண்ணால் பார்ப்பவர் யாரும் இதைக் கவனிக்கப் போவதில்லை. அரக்கு என்று கேட்டு வாங்கியவர் வீட்டுக்குப் பச்சைச் சேலை போகும். சரக்கு இருப்பு எழுதும் தாளில் ஒவ்வொரு நிறத்துக்கும் எதிரே அதன் மாற்று உரையையும் எழுதிவைத்தால், நிறம் மாறும் அன்றைக்கே உரையும் மாறும்.