பத்துப் புள்ளிகளும் ஒன்பதாம் படியும்

தரவு அறிவியல் படிக்கப் போகும் மாணவருக்குத் தொடக்கத்திலேயே ஒரு அசைன்மென்ட் வந்து சேரும். வரைபடத்தில் சிதறிக் கிடக்கும் புள்ளிகளுக்கு ஒரு கோட்டைப் பொருத்த வேண்டும். நேர்கோடு போதுமா, வளைய வேண்டுமா, எவ்வளவு வளையலாம் என்பதே கேள்வி. கிறிஸ்டோபர் பிஷப் 2006-இல் வெளியிட்ட இயந்திரக் கற்றல் பாடநூலின் முதல் அத்தியாயத்தில் இந்தக் கணக்கு அழகாகச் செய்து காட்டப்பட்டிருக்கிறது.

அவர் ஒரு சைன் வளைகோட்டை எடுத்துக்கொள்கிறார். 0-இலிருந்து 1-க்குள் ஒரு முறை மேலேறி, கீழிறங்கி, மறுபடி நடுவுக்கு வரும் கோடு அது. அதன்மேல் 10 புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றையும் தற்செயலாகச் சற்றே மேலோ கீழோ தள்ளிவிடுகிறார். இந்தத் தள்ளலுக்கு இரைச்சல் என்று பெயர். எந்த அளவீட்டிலும் கொஞ்சம் பிசகு இருக்கும் அல்லவா, அதற்காகத்தான் இது. இனி சைன் கோட்டை மறைத்துவிட்டு, புள்ளிகளை மட்டும் வைத்து அதன் வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பள்ளியில் படித்த பல்லுறுப்புக்கோவைதான் இதற்குக் கருவி. படி 1 என்றால் நேர்கோடு. அது சைன் வளைவைப் பிடிக்காமல் நடுவே சாய்ந்து போகிறது. படி 3-க்கு வந்தால் கோடு ஏறி இறங்கித் திரும்புகிறது, மறைந்திருக்கும் வளைவை ஏறக்குறைய அப்படியே காட்டுகிறது. படி 9-இல் கெழுக்கள் மொத்தம் 10. புள்ளிகளும் 10. ஆகவே கோடு ஒன்று விடாமல் எல்லாப் புள்ளிகளையும் தொட்டுச் செல்கிறது, பிழை சுழி. ஆனால் படத்தைப் பாருங்கள்: புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே, முக்கியமாக இரு ஓரங்களில், கோடு எங்கெங்கோ பாய்ந்து திரும்புகிறது. சைன் கோட்டின் சாயலே அதில் இல்லை.

கெழுக்களை அச்சிட்டுப் பார்த்தால் காரணம் புரியும். படி 3-இல் மிகப் பெரிய கெழு சுமார் 25. படி 9-இலோ அது 10 லட்சத்தைத் தாண்டுகிறது. ஒரு பெரிய நேர் எண், அடுத்து ஒரு பெரிய எதிர் எண் என்று ஒன்றையொன்று கழித்துக்கொண்டு, புள்ளி இருக்கும் இடத்தில் மட்டும் சரியான விடைக்கு வருகின்றன. கோடு அங்கே படித்திருப்பது வளைவை மட்டுமல்ல, தற்செயலான இரைச்சலையும் சேர்த்துத்தான். இதைத்தான் ஓவர்ஃபிட்டிங் என்கிறோம்.

பயிற்சிக்குக் கொடுத்த புள்ளிகளில் வரும் பிழையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. படி 3-இல் கிடைத்த கோட்டை, மேற்படிக் கெழுக்களைச் சுழியாக வைத்துப் படி 9-ஆலும் வரைந்துவிடலாம். எனவே படி கூடக் கூடப் பயிற்சிப் பிழை ஒருபோதும் ஏறாது. கோடு பார்த்திராத புள்ளிகள் வேண்டும். பிஷப் புதிதாக 100 புள்ளிகளை உருவாக்கிச் சோதிக்கிறார். படி 3 முதல் 8 வரை சோதனைப் பிழை சிறியதாக இருக்கிறது. 9-இல் சட்டென்று எகிறுகிறது.

நிஜத் தரவில் புதுப் புள்ளிகளுக்கு எங்கே போவது? இருப்பதிலேயே ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவைக்க வேண்டியதுதான். பைத்தானில் ஒரே வரி:

```python
X_train, X_test, y_train, y_test = train_test_split(
    X, y, test_size=0.3, random_state=42)
```

இதில் 30 சதவீதம் சோதனைக்குப் போகிறது. இந்தக் கட்டளை வரிசைகளைத் தானாகவே கலைத்துப் பிரிக்கும். வரிசைப்படுத்திய தரவைக் கையால் வெட்டி, கடைசிப் பகுதியைச் சோதனைக்கு வைத்தால், கோடு தான் பார்த்த எல்லைக்கு வெளியே ஊகிக்க வேண்டிவரும். அங்கே உயர்படிக் கோடுகள் கண்டபடி பறக்கும். அப்போது நீங்கள் அளப்பது வேறொரு சிக்கலை.

அசைன்மென்ட்களில் பெரும்பாலும் சறுக்குவது இதற்கு அடுத்த கட்டத்தில். 1 முதல் 15 வரை எல்லாப் படிகளையும் ஓட்டி, சோதனைப் பிழை எதில் குறைவோ அதைத் தேர்ந்து, அதே பிழையை முடிவாக எழுதிவிடுகிறார்கள். தேர்வுக்குப் பயன்பட்ட தரவு இனிப் புதியது அல்ல. அந்த எண் உண்மையைவிட நன்றாகவே தெரியும். தரவு குறைவாக இருந்தால் `random_state` எண்ணை மாற்றினாலே வெல்லும் படி மாறிவிடும். ஆகவே படியைப் பயிற்சித் தரவுக்குள்ளேயே தேர்ந்தெடுக்க வேண்டும். அதை 5 பங்காக்கி, முறைவைத்து ஒரு பங்கில் சோதித்து நான்கில் பயிற்றுவித்து, ஐந்து பிழைகளின் சராசரியை ஒப்பிடுவது வழக்கமான முறை.

உயர்படியே குற்றம் என்றும் எண்ணிவிட வேண்டாம். பிஷப் அதே 9-ஆம் படிக்கு 100 புள்ளிகளைக் கொடுக்கிறார். கோடு அடங்கி, சைன் வளைவோடு ஒட்டி நடக்கிறது.

உங்கள் அறிக்கையில் பயிற்சிப் பிழை, சோதனைப் பிழை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். படியை முடிவுசெய்த பிறகு சோதனைத் தரவை ஒரே ஒரு முறை திறந்து, வருகிற எண் பிடிக்காவிட்டாலும் அதையே பதிவுசெய்யுங்கள்.